கீழ்வரி

துறையில் எல்லோரும் அவளை விகுதி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. எந்தச் சொல்லைக் கண்டாலும் தலையை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது அவள் வழக்கம். கடைசியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சொல் எது என்றே கேட்பாள். "மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி செருப்பைப் பார்க்கிற ரகம்" என்று நூலகர் ஒருமுறை சொன்னார். அன்றைக்குப் பிடித்த பெயர் விடவில்லை. கோபப்படுவது போல் காட்டிக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

தற்காலிக விரிவுரையாளர் என்ற வேலையில் அவள் தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பருவத்தோடு அந்த வேலையும் முடிகிறது, இனி நீட்டிக்க விதியில்லை. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாகியிருந்தது. வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. கிடைத்தால் மொழி சோறு போடும், இல்லையென்றால் கணவரின் மருந்துக்கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

"கல்லா ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை" என்றார் கணவர், காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே. "டாக்டர் கிறுக்கல் படிக்க எனக்கும் ஒரு ஆள் வேணும். நீதான் செத்த மொழியெல்லாம் படிப்பியே."

"டாக்டர் கிறுக்கலுக்கு இலக்கணம் கிடையாதுங்க."

"அது சரி."

நாத்தனார் அந்த வாரம் வந்திருந்தாள். அவளுக்கு இந்தப் படிப்பு என்றைக்குமே விளங்கியதில்லை. "அண்ணி, செத்த மொழிக்கு உயிரோட இருக்கிறவங்க யாராவது சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் விகுதிக்குப் பேருந்தில் போகும்போது அதே கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

படித்தது சமஸ்கிருதம். அது வேலைக்கு ஆகும் என்று யாரோ சொன்னதால் படித்தது. அவளைப் பிடித்துப் போட்டது வேறொன்று. மாணவியாக இருந்தபோது துறைத்தலைவர் அவெஸ்தா மொழி நடத்தினார். பழைய ஈரானிய மொழி, சமஸ்கிருதத்துக்குச் சித்தி பெண் மாதிரி. அந்த மொழியில் ஒரு வரியை மேலே எழுதுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே, அதே விகுதியோடு, அதற்கு உறவான சமஸ்கிருதச் சொல்லை எழுதுவார். இந்த இரண்டாவது வரிக்குத் துறையில் கீழ்வரி என்று பெயர். மேலே ஸ், கீழே ச. மேலே ஹு, கீழே ஸு. மேலே ப, கீழே மூச்சோடு வரும் ப. கணக்குப் போட்ட மாதிரி மாறும். அவர் தொகுத்த வாசிப்புப் பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் மேலும் கீழும் பொருந்தும். ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முன்னால் பிரிந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே ஜாடையில் இருப்பதைப் பார்த்து அவள் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், ஆள் விழுந்தாச்சு. மற்ற பெண்கள் எதற்கெல்லாமோ விழுந்தார்கள், இவள் ஒரு வரிக்கு விழுந்தாள்.

அன்றைக்குத்தான் அந்த நிரந்தர இடத்துக்கான தேர்வு. துறைத்தலைவர் தாழ்வாரத்திலேயே எதிர்ப்பட்டார். நல்ல மனுஷர். ஒரு விரலால் தட்டச்சு செய்வார், அதிலும் பாதி எழுத்தை விழுங்குவார். அவர் அனுப்பும் சுற்றறிக்கைகளை மாணவர்கள் புதிய மொழி என்று சொல்லிச் சிரிப்பதுண்டு.

"வரியை வெளித்தேர்வாளர் தேர்ந்தெடுத்தாங்க. சீட்டு மட்டும் நான் அடிச்சது" என்றார். "ஏதாவது எழுத்து முன்னப் பின்ன இருந்தா மனசுல வச்சுக்காதீங்கம்மா."

அவர் உண்மையாகவே சங்கடப்பட்டுத்தான் சொன்னார்.

தேர்வு முறை எளிமையானது. ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு சமஸ்கிருத அகராதி, அரை மணி நேரம். முன்பின் பார்க்காத ஓர் அவெஸ்தா வரி எழுதிய சீட்டு. அவெஸ்தா அகராதி கிடையாது. உறவுச் சொற்களை வைத்தே படித்துக்கொண்டு வந்து குழுவின் முன் விளக்க வேண்டும். அவளுக்கு முன்னால் ஒருவர் போயிருந்தார். வேறொரு கல்லூரியில் சமஸ்கிருதம் நடத்துபவர், வெயிலிலும் கோட்டுப் போடுகிறவர். அவர் அறையை விட்டுக் குழுவிடம் போனபோது முகத்தில் பளிச்சென்று ஒரு சிரிப்பு இருந்தது. விகுதி உட்கார்ந்து சீட்டைத் திருப்பினாள். மூன்று சின்ன அடிகள்.

தெம் அமவன்தெம் யஜதெம்
ஸூரெம் தாமோஹு ஸெவிஷ்தெம்
மித்ரெம் யஜாய் ஜௌத்ராப்யோ

இதில் வரும் ஜவை நம்முடைய ஜ என்று நினைத்துவிடக் கூடாது. ஈ ரீங்கரிப்பதைப் போலப் பல்லிடுக்கில் இழுக்க வேண்டும். விகுதி இழுத்துப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல வாலிலிருந்து தொடங்கினாள். தெம், ரெம் என்று எங்கே பார்த்தாலும் எம். சமஸ்கிருதத்தில் அது அம், ஒருமையில் 'ஐ' உருபு. யாரை? தம், அவனை. அமவந்தம், வலிமை உள்ளவனை. யஜதம், வழிபடத் தக்கவனை. சூரம், வீரனை. சவிஷ்டம், ஆற்றலில் எல்லோரையும் மிஞ்சியவனை. எல்லாம் ஒரே ஆளைச் சுற்றி நிற்கின்றன. அந்த ஆள் மூன்றாம் அடியில் வருகிறான்: மித்ரம், மித்ரன் என்கிற தெய்வத்தை.

நடுவில் தாமோஹு. ஹு என்றால் ஸு, பன்மையில் 'இல்'. தாமஸு. சமஸ்கிருதத்தில் தாமன் என்றால் இருப்பிடம். இருப்பிடங்களில் ஆற்றல் மிகுந்தவனா? சித்தி வீட்டில் அந்தச் சொல் படைப்பு, உயிர்கள் என்ற பொருளில் புழங்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். படைப்புகளுக்குள் ஆற்றல் மிகுந்தவன், அது சரியாக இருந்தது. ஓரத்தில் சின்னக் கேள்விக்குறி போட்டுவைத்தாள். யஜாய் என்பது யஜை, நான் வழிபடுவேன் என்று உறுதி சொல்வது. கரும்பு தின்னக் கூலியா என்பது போல எழுதிக்கொண்டே போனாள்.

கடைசிச் சொல்லில் கை நின்றது.

ஜௌத்ரா, ஹோத்ரா. இழுத்துச் சொல்லும் ஜ சமஸ்கிருதத்தில் ஹ ஆவது உண்டு, கைக்கு அங்கே ஜஸ்த, இங்கே ஹஸ்த. ஊற்றிப் படைக்கும் படையல். அதுவரை தகராறில்லை. வால்தான் தகராறு. ப்யோ என்றால் ப்யஹ். அது 'கு' உருபுக்கும் 'இருந்து' என்ற பொருளுக்கும் வருவது. மித்ரனைப் படையல்களுக்கு வழிபடுவேன். மித்ரனைப் படையல்களிலிருந்து வழிபடுவேன். இரண்டும் பொருளாகவே இல்லை. இங்கே வேண்டியது 'ஆல்'. படையல்களால் வழிபடுவேன். அதற்குச் சமஸ்கிருதத்தில் ஹோத்ராபிஹ் என்று வரும். அவெஸ்தாவிலும் அதற்கு நேரான விகுதி உண்டு, ஜௌத்ராபீஷ் என்று முடிய வேண்டும்.

அவளுக்கு உடனே தாழ்வாரம் ஞாபகம் வந்தது. எழுத்து முன்னப் பின்ன இருந்தா மனசுல வச்சுக்காதீங்கம்மா. கோட்டுக்காரர் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. ஓ, அதுதானா? பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. அவளும் பேனாவை எடுத்துச் சீட்டில் ப்யோவை அடிக்கப் போனாள்.

பேனா முனை தாளைத் தொட்டபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. துறைத்தலைவரின் பிழைகளை அவள் ஆண்டுக்கணக்காகப் படித்தவள். அவர் எழுத்தை விழுங்குவார், ஒரே எழுத்தை இரண்டு தடவை அடிப்பார், பக்கத்து விசையை அமுக்குவார். அவர் பிழை என்றைக்குமே உளறலாகத்தான் இருக்கும். ஒரு விகுதியை விட்டு இன்னொரு முழு விகுதியில் போய் இறங்கும் பிழையை அவர் செய்ததில்லை. பிழைக்கு இவ்வளவு இலக்கணம் தெரியாது.

அவள் பேனாவை வைத்துவிட்டு மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாள். தெம், அ, ம, வன், தெம், ய, ஜ, தெம். எட்டு. இரண்டாம் அடியும் எட்டு. மித், ரெம், ய, ஜாய், ஜௌத், ரா, பீஷ். ஏழு. ஒரு தட்டுக் குறைந்து நொண்டியது. ப்யோ என்று வைத்தாலும் ஏழுதான். ஆனால் பழைய வேதப் பாட்டுகளில் ப்யஹ் என்பதைப் பியஹ் என்று நீட்டிப் படிப்பது உண்டு. பியோ என்று நீட்டினால் எட்டு. பீஷை எப்படி நீட்டினாலும் நீளாது.

ஆக, பாட்டு ப்யோவைக் கேட்கிறது, பொருள் பீஷைக் கேட்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தாளில் மேல்வரியைப் பார்த்தாள், தான் எழுதிய கீழ்வரியைப் பார்த்தாள். கடைசிச் சொல்லை இத்தனை நேரமும் தான் மேலே படிக்கவே இல்லை, கீழே எழுதியதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. சித்தி பெண் பேசும்போது அவள் வாயைப் பார்க்காமல் நம் வீட்டு ஆள் என்ன சொல்வாள் என்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரி. வெட்கமாக இருந்தது. நேரம் முடிந்துவிட்டது.

குழு அறையில் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவர். ஒரு பக்கம் நிர்வாகத்தின் சார்பில் வந்த பொருளியல் பேராசிரியர், அவருக்கு இந்த விஷயத்தில் தலையும் தெரியாது வாலும் தெரியாது, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் வெளித்தேர்வாளர், கட்டை குட்டையான ஓர் அம்மாள். அவெஸ்தாவிலேயே வாழ்நாளைக் கழித்தவர். முன்னால் தடித்த மூலப் பதிப்பு ஒன்று மூடியபடி இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தார்.

விகுதி உட்காருவதற்குள் துறைத்தலைவர் பேசத் தொடங்கிவிட்டார். "ஒரு சின்ன விஷயம்மா. கடைசிச் சொல்லுல நான் தப்பா அடிச்சுட்டேன். போன தேர்வர்தான் கண்டுபிடிச்சார். இப்போ எங்க தாள்லயும் திருத்திட்டோம். ஜௌத்ராபீஷ்னு வச்சுக்கிட்டே சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லை."

மூன்று தாள்களிலும் சிவப்பு மையில் ப்யோ அடிக்கப்பட்டுப் பீஷ் எழுதியிருந்தது. இல்லை, இரண்டு தாள்களில். அந்த அம்மாளின் தாள் சுத்தமாக இருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். சரி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதி எல்லாவற்றையும் கோட்டுக்காரரைவிட நன்றாகச் சொல்லிவிட முடியும், அது அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால், தன் வேலையைத் தீர்மானிக்கப் போகிறவரை, அவர் அறையில், அடுத்தவர்கள் முன்னால், இரண்டாவது தடவையாகத் தவறு என்று சொல்ல வேண்டும். அதுவும் தன் குருவை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார், அதைத் திருத்த வேண்டாம்" என்றாள்.

"ஏன்மா?"

"பீஷ்னு வச்சா மூணாவது அடி ஒரு அசை குறையுது. ப்யோவைப் பியோன்னு நீட்டினா எட்டு வருது."

"அசையை மட்டும் நம்ப முடியாதே. அந்தப் பாட்டுகள்ல அசை இழுத்த இழுப்புக்கு வரும்."

"அதுவும் சரிதான் சார்."

"அப்போ படையல்களுக்குன்னு மொழிபெயர்ப்பீங்களா? பொருள் வருதா?"

"வரலை சார். படையல்களால்னுதான் இருக்கணும். ஆனா ப்யோ எப்படி 'ஆல்' ஆகும்னு சமஸ்கிருதம் சொல்லாது. சமஸ்கிருதம் என்னை இதுவரைக்கும்தான் கொண்டுவந்து விட்டுச்சு. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பொருளியல்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்வுக்கு வந்து தெரியாது என்று சொல்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதை இவ்வளவு உறுதியாகச் சொல்பவரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "தெரிஞ்சுக்க என்ன பண்ணுவீங்க?"

"அந்த மொழியையே கேட்கணும் மேடம்." விகுதி ஒரு கணம் யோசித்தாள். "பாட்டுகள் முடியற இடத்துல அடிக்கடி ஒரு பட்டியல் வரும். மந்திரத்தால், சொல்லால், செயலால், படையல்களால், நேராச் சொன்ன வாக்குகளால்னு. சார் பாடத்துல படிச்சிருக்கேன். அதுல மந்திரமும் செயலும் ஒருமை, சந்தேகமில்லாம 'ஆல்'. அதே வரிசையில படையல்கள் பன்மையில வருது. சார் பாடத்துல அது ஜௌத்ராபீஷ்னுதான் இருக்கு. மூலத்துலயும் அப்படியேன்னா நான் சொன்னது தப்பு, சார் திருத்தினது சரி. மூலத்துல ப்யோ குடும்பம் இருந்தா, சித்தி வீட்டுல அந்த விகுதி 'ஆல்' வேலையும் பார்க்குதுன்னு அர்த்தம். ஏற்கெனவே ரெண்டு ஊருக்குப் போற வண்டி, மூணாவது ஊருக்கும் போகுது."

அந்த அம்மாள் பதிப்பை அவள் பக்கம் தள்ளினார். பட்டியலைத் தேட வேண்டியிருக்கவில்லை, அது பாட்டுக்குப் பாட்டு வருவது. விகுதி புரட்டினாள், விரலை வைத்தாள். வாலைத்தான் முதலில் பார்த்தாள்.

ஜௌத்ராப்யஸ்ச. 'ச' என்பது 'உம்', அது ஒட்டும்போது ப்யோ ப்யஸ் ஆகும். படையல்களாலும். அடுத்த வாக்குகளும் ப்யோ என்றே முடிந்தன. பீஷ் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

அவள் புத்தகத்தைத் துறைத்தலைவர் பக்கம் திருப்பிவைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளுக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பாடத்துல நான்தான் மாத்தினேன்" என்றார். "அப்போ என்கிட்ட ஒரு பழைய நகல்தான் இருந்தது. எழுத்து தேஞ்சிருந்தது. கீழ்வரியில ஹோத்ராபிஹ்னு எழுதிட்டேன். மேலே வேற மாதிரி இருந்ததும் அச்சுப்பிழைன்னு நினைச்சு..."

"எனக்குத் தெரியுமான்னு நீங்க கேட்கலையே" என்றார் அந்த அம்மாள், அவரிடம், மென்மையாகவே. "நான் முதல்லயே சொல்லியிருந்தா தேர்வு எனக்கு நடந்த மாதிரி ஆயிருக்கும்." பிறகு விகுதியிடம், "இப்போ மொழிபெயர்ப்பு சொல்லுங்க" என்றார்.

"வலிமை உள்ள, வழிபடத் தக்க அந்தத் தெய்வத்தை, படைப்புகளுக்குள் ஆற்றல் மிகுந்த அந்த வீரனை, மித்ரனை, படையல்களால் வழிபடுவேன்."

"தாமோஹுவுக்கு இருப்பிடங்கள்னு சொல்லலையே?"

"சமஸ்கிருதத்துல அப்படித்தான் மேடம். கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்."

"கேள்விக்குறியை எடுத்துடலாம்" என்றார் அம்மாள்.

துறைத்தலைவர் சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் தாளில் தானே எழுதிய பீஷை அடித்தார். அதன் மேல் ப்யோ என்று எழுதினார். அந்த இடம் இப்போது யாராலும் படிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. கோட்டுக்காரர் போகும்போது அவளுக்கு வாழ்த்துச் சொன்னார், பாவம், எங்கே சறுக்கினோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. கணவர் தொலைபேசியில் "அப்போ கல்லாவுக்கு வேற ஆள் பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று வைத்துவிட்டார். குரல் தழுதழுத்துவிடுமோ என்று பயந்திருப்பார். நாத்தனார் மட்டும், "உயிரோட இருக்கிறவங்கதான் தர்றாங்களா, நல்லாக் கேட்டீங்களா?" என்றாள்.

நியமன ஆணையை வாங்கப் போன அன்று துறைத்தலைவர் மேசையில் அந்த வாசிப்புப் பாடத்தை எடுத்துவைத்திருந்தார், பழுப்பேறிய அட்டை. பக்கத்தில் அந்த அம்மாள் விட்டுப்போன மூலப் பதிப்பு.

"இனிமே அவெஸ்தா வகுப்பு உங்களுதுதான்" என்றார். "இதுல எத்தனை இடத்துல கை வச்சேன்னு இப்போ எனக்கே தெரியலைம்மா. பொருந்தலைன்னா மேலே ஏதோ தப்புன்னு நினைக்கிறது எனக்கு அப்படியே பழகிப்போச்சு. நீங்க ஒருதடவை பாருங்க. நான் பார்த்தா மறுபடியும் பொருந்திடும்."

அவர் சிரிக்க முயன்றார். அவள்மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு, அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தனியாக உட்கார்ந்து அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் சிரித்த வரி. அதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பதிப்பில் அந்த இடத்தைத் தேடி எடுத்தாள். பார்க்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முதல் சொல் அதேதான். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது சொல்லின் வால் வேறாக இருந்தது. நாலாவதும் வேறு.

வகுப்பில் அன்றைக்கு அவள் கண்ட ஜாடையில் பாதி ஒரு நல்ல மனுஷரின் கையெழுத்து. அவளுக்கு அழுகை வந்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை ஆண்டு எதைப் படித்தாளோ, எதை மாணவர்களுக்குச் சொன்னாளோ, அதில் எது அவருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணை வந்த உறையை எடுத்துக் கீழ்வரியின் மேல் வைத்து மறைத்தாள். அவரே மாற்றிய மேல்வரியை அடித்துவிட்டு, பதிப்பில் இருந்தபடி எழுதினாள். பிறகு தலையிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.